குதிரையின் திங்கட்குருடு

குதிரை வாங்குவோனைக் காக்கும் பொருட்டு ஜெர்மனியிலே 1899ஆம் ஆண்டு ஓர் அரசாணை பிறந்தது. குதிரையிடத்துக் காணப்படும் ஆறு பெருங்குறைகளை அவ்வாணை பெயர் குறித்து வைத்தது. அவற்றுள் ஏதேனும் ஒன்று, விலங்கு கைமாறிய பதினான்கு நாட்களுள் வெளிப்படுமாயின், விற்றவனே பொறுப்பாளி. அந்த ஆறனுள் ஒன்று கண்ணைப் பற்றியது. விட்டு விட்டு வரும் கண்ணழற்சி என்பது அதன் பெயர். மக்கள் வழக்கிலே அதற்குத் திங்கட்குருடு என்று பெயர். நிலவு வளர்வதும் தேய்வதும் போல நோயும் வருவதும் போவதுமாக இருந்தமையால், திங்களுக்கும் அதற்கும் ஏதோ தொடர்புண்டு என முன்னோர் எண்ணினர்.

நூறாண்டுக்கு மேல் வழக்கிலிருந்த அந்த ஆணை 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு நீங்கிவிட்டது. திங்களின் மேல் சாற்றிய பழியும் பொய்யென்று தெளிந்துவிட்டது. நோய் மட்டும் நீங்கவில்லை. உலகெங்கும் குதிரைகள் பார்வையிழப்பதற்கு முதன்மைக் காரணம் இன்றும் இதுவே. பதினான்கு நாள் என்ற அந்தத் தவணையைச் சற்று எண்ணிப் பார்த்தால் இந்நோயின் இயல்பு ஓரளவு விளங்கும். ஒரு தாக்கத்துக்கும் அடுத்த தாக்கத்துக்கும் இடையே சில வாரங்களும் செல்லலாம். பல மாதங்களும் செல்லலாம். அந்த இடைக்காலத்திலே கண் திறந்திருக்கும், தெளிவாகவும் தோன்றும். அமைதியான நாளொன்றிலே சந்தைக்குக் கொண்டு வரப்பட்ட குதிரை, பதினான்கு நாள் என்ன, நாற்பது நாளும் குறையற்றதாகவே நிற்கக்கூடும். நோய் போய்விட்டது போலத் தோன்றுவதே இந்நோயின் பெருந்தீங்கு எனலாம்.

கண்ணின் உள்ளமைப்பைச் சுருக்கமாகக் கூறிவிட்டு மேலே செல்வது நன்று. கண்கோளத்துக்கு மூன்று போர்வைகள் உண்டு. வெளியே இருப்பது வெண்மையான வலிய போர்வை. அதன் முற்பகுதி மட்டும் கடிகாரத்தின் முகக்கண்ணாடி போலத் தெளிந்து நிற்கும். அதனை விழிவெண்படலம் என்பர். மிகவும் உள்ளே இருப்பது, ஒளியை உணரும் விழித்திரை. இவ்விரண்டுக்கும் இடையே இரத்தக்குழாய்கள் நிறைந்த நடுப்படலம் உண்டு. கண்மணியைச் சூழ்ந்து, நிறம் காட்டி, சுருங்கியும் விரிந்தும் ஒளியை அளந்து விடும் கதிராளி இந்த நடுப்படலத்தின் முன்முனையே ஆகும். கண்கோளத்தின் பின்னறையை நிரப்பி நிற்பது, இளநுங்கின் உள்ளீடு போன்ற தெளிந்த குழம்பு. அதற்குக் கண்ணாடியுடனீர் என்று பெயர். திங்கட்குருடு என்பது நடுப்படலத்திலே எழும் அழற்சி. ஆனால் நோயின் வேர் பெரும்பாலும் அந்தக் குழம்பிலே மறைந்திருக்கிறது என்பது அண்மைக் காலத்து அறிவு.

தென் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்திலே, ஈரப் புல்வெளியை ஒட்டிய ஒரு பண்ணையிலே நிற்கும் ஏழு வயதுச் சவாரிக் குதிரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இது குறித்த ஒரு குதிரையின் வரலாறு அன்று. அப்பகுதி மிருக வைத்தியர்கள் அடிக்கடி காணும் நிகழ்ச்சிகளின் பொது வடிவம்.

மே மாதத்து ஒரு காலையிலே லாயத்துக்குச் சென்ற பராமரிப்பாளன், குதிரையின் இடக்கண் பாதி மூடியிருப்பதைக் காண்கிறான். கன்னத்தின் வழியே நீர் வடிந்து மயிர் நனைந்திருக்கிறது. வாயிற்புறத்து வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டாமல் குதிரை இருளை நோக்கித் திரும்பி நிற்கிறது. வைக்கோல் துரும்போ ஈயோ பட்டிருக்கும் என்று எண்ணி அவன் கண்ணைக் கழுவிவிடுகிறான். அலுமாரியிலே முந்திய ஆண்டு மிஞ்சிய களிம்பு ஒன்று இருக்கிறது. அதனையும் சிறிது இடுகிறான். ஐந்தாறு நாளிலே கண் திறக்கிறது. யாவரும் அதனை மறந்துவிடுகின்றனர்.

இங்கே நிகழ்ந்த பிழைகள் இரண்டு. அந்தக் களிம்பிலே ஸ்டெரொயிட் மருந்து கலந்திருந்து, கண்ணிலே உண்மையில் துரும்பு கீறிய புண் இருந்திருக்குமாயின், அப்புண் ஆறாமல் உருகிக் கண்ணே உடைந்து போகவும் கூடும். வைத்தியரை அழையாமல் விட்டது இரண்டாவது. குதிரை வலியினால் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்குமாயின், அன்றைக்கே பார்க்கவேண்டிய அவசர நிலை அது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக்கூடியதன்று.

ஜூலை மாதத்திலே அதே கண் மீண்டும் மூடுகிறது. இம்முறை வைத்தியர் வருகிறார். அவர் குதிரையைத் தொடுவதற்கு முன் எதிரே நின்று இரு கண்களின் இமைமயிரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். நலமுள்ள குதிரையின் மேலிமை மயிர் முன்னோக்கி ஏறக்குறைய நேராக நீண்டு நிற்கும். கண்ணிலே வலி தோன்றினால் அது கீழ்நோக்கிச் சாயும். குதிரை வாய்விட்டுச் சொல்லாத வலியை இவ்வடையாளம் சொல்லிவிடும். இதனைக் காண எக்கருவியும் வேண்டா. குதிரை வளர்ப்போர் ஒவ்வொருவரும் பழகிக்கொள்ளத் தக்கது.

அதன்பின் புளோரசீன் என்னும் செம்மஞ்சட் சாயம் தோய்ந்த தாளைக் கண்ணீரிலே நனைத்து, நீல ஒளியிலே பார்க்கிறார். விழிவெண்படலத்திலே கீறலோ புண்ணோ இருந்தால் அவ்விடம் பச்சையாக ஒளிரும். இக்குதிரையிலே ஒளிரவில்லை. ஆகவே புண் இல்லை. ஸ்டெரொயிட் இடுவதற்குத் தடையும் இல்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த மருந்தையும் தொடங்குதல் தகாது.

மங்கிய அறையிலே சிறு விளக்கின் கூரிய கதிரைப் பாய்ச்சும்போது மற்ற அடையாளங்கள் தெரிகின்றன. விழிவெண்படலத்தின் மேல் மெல்லிய நீலப்புகை படிந்திருக்கிறது. அதற்குப் பின்னுள்ள நீரிலே, கதவிடுக்கால் நுழையும் வெயிற்கதிரில் தூசி மிதப்பது போல, ஒளிக்கதிர் புலப்படுகிறது. இரத்தத்திலிருந்து புரதமும் வெண்குருதிக் கலங்களும் கசிந்துவிட்டன என்பதற்கு அதுவே சான்று. நலமுள்ள கண்ணிலே அந்நீர் தூயதாகையால் ஒளி செல்லும் வழி தெரிவதில்லை. குதிரையின் கண்மணி இயல்பாகக் கிடையான நீள்வட்டம். இங்கோ அது ஒரு கோடு போலச் சுருங்கிக் கிடக்கிறது. கண்ணழுத்தமும் வலக்கண்ணிலும் பாதிக்குக் குறைவு. சுருங்கிய கண்மணியும் குறைந்த அழுத்தமும் சேர்ந்து வந்தால், நடுப்படலத்து அழற்சி என்ற ஐயம் வலுப்பெறும்.

கண்மணி சுருங்குவதை ஒரு சிறு குறையெனக் கருதலாகாது. கதிராளியின் தசை இழுத்துப் பிடித்து வலிக்கிறது. குதிரை படும் வேதனையின் பெரும்பகுதி அதுவே. அன்றியும், வீங்கிய கதிராளி பின்னே உள்ள வில்லையின் மேல் படிந்து, கசிந்த புரதத்தினால் பசைபோல ஒட்டிக்கொள்கிறது. சில நாட்கள் அப்படியே விடப்பட்டால் அவ்வொட்டு நிலையாகிவிடும். பின் கண்மணி முழுதாக விரியாது. ஒட்டிய இடத்திலே வில்லை வெண்மை படர்ந்து புரையாகும். ஆதலின் வைத்தியத்தின் முதற்பணி கண்மணியை விரித்து வைப்பதாகும்.

அதற்குரிய மருந்து நூற்றுக்கு ஒன்று வலுவுள்ள அற்றோப்பின். முதல் நாளிலே ஆறு மணிக்கு ஒரு முறை இடுவர். கண்மணி விரிந்தபின் நாளுக்கு ஒரு முறை அல்லது இரு முறையாகக் குறைப்பர். நலமுள்ள குதிரையின் கண்ணிலே ஒரு முறை இட்ட அற்றோப்பின் பல நாட்கள் கண்மணியை விரித்து வைத்திருக்கும். அழற்சியுள்ள கண்ணிலே சில மணி நேரத்திலேயே கண்மணி மறுபடியும் சுருங்கிவிடும். எனவே மருந்து எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதே அழற்சியை அளக்கும் கோலாகிறது. நேற்று ஆறு மணி நேரம் தாங்கியது, இன்று இருபது மணி நேரம் தாங்கினால் நோய் தணிகிறது எனக் கொள்ளலாம். ஓர் எச்சரிக்கையும் உண்டு. அற்றோப்பின் குதிரையின் குடல் அசைவையும் தளர்த்தும். மிகுந்தால் வயிற்றுவலி வரும். குதிரை நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை சாணமிடும். மருந்திடும் நாட்களிலே அதனை எண்ணி வருவது பராமரிப்பாளனின் கடன். எண்ணிக்கை குறைந்தால் உடனே வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

அழற்சியைத் தணிக்க, நூற்றுக்கு ஒன்று வலுவுள்ள பிரட்னிசொலோன் துளிகளை நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை இடுவர். உடம்பு முழுவதுக்குமாக புளூனிக்சின் என்னும் மருந்தை, எடை கிலோ ஒன்றுக்கு 1.1 மில்லிகிராம் வீதம் கொடுப்பர். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது 550 மில்லிகிராம் ஆகும். நெடுநாள் கொடுத்தால் இரைப்பையிலே புண் உண்டாகும். நீரருந்தாத குதிரைக்குச் சிறுநீரகமும் கெடும். ஆதலால் பெரும்பாலும் ஒரு வார அளவிலே நிறுத்திவிடுவர். வலியுள்ள கண்ணைக் குதிரை இறுக மூடிக்கொள்ளும். அதன் இமைத்தசை மனிதனின் விரல்களை எளிதில் வென்றுவிடும். நாளுக்கு ஆறு முறை போராடினால் குதிரை கைகண்டாலே வெருளும். அவ்வாறான குதிரைக்கு மேலிமையின் அடியிலே மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, அதனைப் பிடரிமயிரோடு பின்னிவிடுவர். தோளருகே நின்று ஊசிக்குழலால் மருந்தைச் செலுத்தினால் அது கண்ணிலே சென்று சேரும்.

மருந்தை எப்பொழுது நிறுத்துவது என்பதிலேதான் பலர் தவறுகின்றனர். நான்காம் நாளிலே கண் திறந்துவிடும், வலியும் நீங்கும். ஆயினும் உள்ளே அழற்சி அவியாது கனன்றுகொண்டிருக்கும். அடையாளங்கள் யாவும் மறைந்த பின்னும் குறைந்தது இரண்டு வாரம் மருந்தைத் தொடர்ந்து, பின்னர் மேலும் சில வாரங்களிலே படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். திடீரென நிறுத்தினால் அதே தாக்கம் திரும்பவும் எழும். அதனைப் புதிய தாக்கம் என்று தவறாக எண்ணுவாரும் உளர்.

இவ்வளவும் தீயை அணைக்கும் வேலை. தீ மூண்டது எதனால் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. எலிக்காய்ச்சல் என்ற பெயரை இலங்கையிலே நெல் வயலில் இறங்குவோர் யாவரும் அறிவர். அதனை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்னும் திருகு வடிவப் பற்றீரியாவின் வகைகளே குதிரையின் கண்ணுக்கும் பகை. எலி முதலிய விலங்குகளின் சிறுநீரால் மாசுபட்ட நீரின் வழியாகக் கிருமி குதிரையின் உடலுள் புகுகிறது. அப்பொழுது சிறிது காய்ச்சல் காயலாம். ஒன்றும் தெரியாமலும் போகலாம். இக்கிருமிக்கும் திங்கட்குருட்டுக்கும் தொடர்பிருக்கலாம் என்ற கருத்து சுவிட்சர்லாந்திலே 1948ஆம் ஆண்டிலேயே எழுந்தது. பின்னர் அமெரிக்காவிலே மட்டக்குதிரைகளுக்கு இக்கிருமியை வேண்டுமென்றே ஏற்றிப் பார்த்தனர். 1971இலே முடிவு வெளிவந்தது. கண் நோய் உடனே தோன்றவில்லை. நெடுங்காலம் கழித்தே தோன்றியது. காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையே இவ்வளவு இடைவெளி இருந்தமையால், முன்னோர் நிலவின்மேல் பழி சுமத்தியதிலே வியப்பில்லை.

கிருமி கண்ணாடியுடனீருக்குள் சென்று தங்கிவிடுகிறது. அங்கே இரத்தக்குழாய் இல்லை. உடலின் காவற்படையும் மருந்தும் எளிதிலே நுழைவதில்லை. அன்றியும், கிருமியின் உடலிலுள்ள சில புரதங்கள் குதிரைக் கண்ணின் புரதங்களை ஒத்திருக்கின்றன. கிருமியை எதிர்க்கப் பிறந்த பிறபொருளெதிரிகள் சொந்தக் கண்ணையே பகையென்று கொள்கின்றன. ஒரு தாக்கத்திலே சிதைந்த இழையத்திலிருந்து வேறு புரதங்கள் வெளிப்பட, நிர்ப்பீடனப்படை அவற்றையும் பகைப் பட்டியலிலே சேர்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு தாக்கமும் அடுத்த தாக்கத்துக்கு இவ்வாறு வித்திடுகிறது.

மனிதருக்கும் இக்கிருமியால் கண்ணழற்சி வருவதுண்டு. தமிழ்நாட்டிலே 1993ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே பெருவெள்ளம் ஏற்பட்டது. அதன் பின்னர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணழற்சியோடு ஒரு கூட்டமாக நோயாளர் வந்தனர். அவ்வழற்சிக்கு லெப்டோஸ்பைராவே காரணம் என அங்குள்ள மருத்துவர்கள் ஆராய்ந்து வெளியிட்டது உலகெங்கும் கவனிக்கப்பட்டது. மனிதர் பெரும்பாலோர் நல்ல வைத்தியத்தால் பார்வையை மீளப் பெறுகின்றனர். குதிரைக்கு அந்தப் பேறு எளிதில் வாய்ப்பதில்லை.

எல்லாக் குதிரைகளிலும் கிருமியே காரணம் என்றும் கூறிவிட இயலாது. அமெரிக்காவிலே நெஸ் பேர்ஸ் என்னும் பழங்குடியினர் வளர்த்த குதிரைகளின் வழிவந்த அப்பலூசா இனம், உடலிலே புள்ளிகள் உடையது. மற்றை இனங்களிலும் ஏறக்குறைய எட்டு மடங்கு அதிகமாக இவ்வினம் இந்நோய்க்கு ஆளாவதாக ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. அந்த அழகிய புள்ளிகளைத் தரும் பரம்பரை அலகே நோய்க்கும் வழி திறக்கிறது எனத் தெரிகிறது. கொடியது யாதெனின், அப்பலூசாவிலே பலவேளை வலியே தோன்றுவதில்லை. கண்ணை மூடாது, நீர் வடியாது, உள்ளேயே அழற்சி புகைந்து பார்வை போய்விடும். கண்ணை இடுக்கிக் காட்டும் குதிரை அவ்வகையிலே உடையவனுக்கு உதவி செய்கிறது எனலாம்.

பவேரியக் குதிரைக்கு மீள்வோம். நவம்பரிலே மூன்றாம் தாக்கம் வந்து தணிந்தபின், கண்ணை மறுபடியும் ஆராய்கின்றனர். குதிரையின் கண்மணியின் மேலோரத்திலே திராட்சைக்குலை போன்ற கருமணிகள் தொங்குவது இயல்பு. இக்கண்ணிலே அவை தேய்ந்து மழுங்கிவிட்டன. வில்லையின் மேல் கருநிறத் துகள்கள் ஒட்டியுள்ளன. ஒரு விளிம்பிலே கடுகளவு புரை காணப்படுகிறது. பார்வை இன்னும் உண்டு. ஆனால் இத்தகைய தாக்கங்கள் தொடர்ந்தால் அது நிலைக்காது. துளிமருந்தால் மட்டும் இனிக் காலங் கடத்துவது பொருந்தாது.

கண்ணின் நீரிலே சிறிது எடுத்துச் சோதிக்கின்றனர். இரத்தச் சோதனை இங்கே அவ்வளவு பயன் தராது. கிருமியை என்றோ சந்தித்த நலமான குதிரையின் இரத்தத்திலும் பிறபொருளெதிரி இருக்கும். கண்ணீர்மத்திலே இருந்தால்தான் கிருமி கண்ணுக்குள் உள்ளது எனக் கொள்ளலாம். இக்குதிரையிலே இருந்தது. இத்தகைய கண்ணுக்கு மியூனிச் நகரத்து மிருக வைத்தியர் பல்லாண்டு காலமாகச் செய்து வரும் சத்திரசிகிச்சை ஒன்று உண்டு. குதிரையை மயக்கி, கண்ணின் வெண்சுவரிலே சிறு துளை இட்டு, நுண்கருவியால் கலங்கிய கண்ணாடியுடனீரை வெட்டி உறிஞ்சி எடுத்து, அவ்விடத்தை ஜென்டமைசின் கலந்த தூய உப்புநீரால் நிரப்புகின்றனர். ஒளிந்திருந்த கிருமியும், அழற்சியைத் தூண்டும் பொருள்களும் அதனோடு வெளியேறுகின்றன. கிருமி உறுதியான கண்களிலே பத்தில் ஏறக்குறைய ஒன்பதிலே தாக்கம் பின்னர் திரும்பவில்லை. ஆயினும் இழந்த பார்வை மீளாது. முன்னரே தொடங்கிய புரை வளரவும் கூடும். கண் அமைதியாயிருக்கும் இடைக்காலத்திலேதான் இதனைச் செய்வர்.

கிருமி காணப்படாத கண்ணுக்கு வேறு வழி வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திலே, சைக்ளோஸ்போரின் என்னும் நிர்ப்பீடனந் தணிக்கும் மருந்தை ஒரு சிறு வட்டத் தகடாக்கி, வெண்சுவரின் அடியிலே பொதித்து வைக்கும் முறையை ஆராய்ந்து வளர்த்தனர். தகட்டிலிருந்து மருந்து சிறிது சிறிதாக ஏறத்தாழ மூன்றாண்டு கசியும். அதன் பயன் வெளிப்பட ஒரு மாதத்துக்கு மேல் செல்லுமாகையால், அதுவரை துளிமருந்தை நிறுத்தலாகாது. தாக்கங்கள் பெரிதும் குறைகின்றன. ஆனால் மருந்து தீர்ந்தபின் நோய் மீளலாம், தகட்டை மாற்ற நேரிடும். செலவு குறைந்த இன்னொரு வழியும் அண்மைக் காலத்திலே பரவியுள்ளது. 4 மில்லிகிராம் ஜென்டமைசினை ஊசியால் கண்ணாடியுடனீருக்குள் செலுத்துவர். பல கண்களிலே தாக்கம் நின்றிருக்கிறது. சிலவற்றிலே புரையும் விழித்திரைக் கேடும் நேர்ந்துள்ளன. அளவிலே சிறிது தவறினாலும் விழித்திரை நஞ்சுறும். ஆதலின் தேர்ந்த கையே இதனைச் செய்தல் வேண்டும்.

லாயத்திலே செய்யத்தக்கனவும் சில உண்டு. எலி புகாதபடி தீவனத்தை மூடி வைத்தல், தேங்கிய குட்டையிலே குடிக்க விடாமல் வேலியிடுதல், வெயிலும் ஈயும் படாமல் வலைமுகமூடி அணிவித்தல் என்பன அவை. அமெரிக்காவிலே லெப்டோஸ்பைராவின் ஒரு வகைக்கு எதிரான தடுப்பூசி 2015 முதல் உண்டு. ஏற்கெனவே நோய்ப்பட்ட கண்ணை அது மீட்காது.

எல்லாம் செய்தும் பார்வை அவிந்து, வலி மட்டும் எஞ்சிய கண்ணை அகற்றிவிடுவதே குதிரைக்குச் செய்யும் நன்மை. உடையவர் பலர் இதற்கு அஞ்சித் தயங்குகின்றனர். நெடுநாள் வலியோடு தலை கவிழ்ந்து நின்ற குதிரை, கண் நீங்கிய சில நாட்களிலேயே வயிறார உண்பதையும் மேய்ச்சலிலே திரிவதையும் கண்டு வியப்பாரும் அவர்களே. ஒற்றைக் கண்ணோடு பல குதிரைகள் சவாரிக்கு உதவுகின்றன. அத்தகைய குதிரையை அணுகுவோர் பார்வையற்ற பக்கத்திலிருந்து வருவாராயின், கையை நீட்டுமுன் குரல் கொடுத்து வருதல் வேண்டும்.